வெயில் ஊரில் டார்ட் ஓடு

ஏழாயிரம்பண்ணையில் சித்திரை மாதத்து மதியம் வெண்ணெய்க் கட்டியை வெளியே வைத்தால் சற்று நேரத்தில் இளகி உட்கார்ந்துவிடும். வெண்ணெய் உருகுவது 32 முதல் 35 டிகிரி செல்சியஸில். காற்றில் ஈரம் குறைவு என்பதால் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் தோதாக அமைந்த இந்த வட்டாரத்தில் கோடைப் பகலின் சூடு அதைத் தாண்டிவிடும். இனிப்போ காய்கறியோ நிரப்பிச் சுடும் டார்ட்டின் ஓடு பொலபொலவென்று ஏடு ஏடாக உதிர வேண்டுமானால், அடுப்புக்குள் போகும்வரை வெண்ணெய் உருகவே கூடாது.

200 கிராம் மைதாவுக்கு 100 கிராம் வெண்ணெய். சிறு துண்டுகளாக நறுக்கி ஃப்ரீசரில் கால் மணி நேரம் வைத்து, மைதாவில் போட்டு விரல் நுனியால் பிசிற வேண்டும். உள்ளங்கை சூடு அதிகம், அது படக்கூடாது. பட்டாணி அளவுத் துண்டுகள் மாவில் தெரியும்போதே நிறுத்திவிடலாம். தேய்க்கும்போது அவை மெல்லிய தகடுகளாக மாவுக்கிடையே படியும். அடுப்பில் அந்தத் தகடு உருக, வெண்ணெயில் ஆறில் ஒரு பங்காக இருக்கும் நீர் ஆவியாகி மாவு ஏடுகளைப் பிரித்துத் தூக்கும். முன்னமே உருகினால் கொழுப்பு மாவில் ஊறிவிடும். பிறகு வருவது நெய் பிஸ்கட். அதுவும் ருசிதான், ஆனால் ஏடு இராது.

தண்ணீர் ஐஸ் குளிர்ச்சியில், மூன்று நான்கு மேசைக்கரண்டி போதும். தண்ணீர் கூடக் கூட, பிசையப் பிசைய, மைதாவின் புரதம் குளூட்டனாகி இழுவை கொடுக்கும். ஒரு பிடி மாவை அழுத்தினால் உடையாமல் நின்றால் சரி. இங்குமங்கும் பொடியாகக் கிடப்பதைக் கண்டு இன்னும் ஊற்ற வேண்டாம். மாவை மூடி ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்தால் ஈரம் தானே பரவிவிடும்.

அந்த ஓய்வு எதற்கென்று விருதுநகர்ப் பரோட்டா மாஸ்டரைக் கேட்கலாம். ஊறாத மாவு வீசினால் சுருங்கித் திரும்பும். டார்ட்டிலும் அதே குளூட்டன்தான். ஓய்வில் தளர்கிறது, வெண்ணெயும் மறுபடி இறுகுகிறது. அச்சில் பரப்பிய பின்னும் அரை மணி நேரம் குளிர வைக்காவிட்டால், சுடும்போது விளிம்பு சரிந்து அடியில் போய் நிற்கும்.

தேய்க்க விடியற்காலையே நல்லது. மாவு பளபளத்துக் கையில் ஒட்டினால் வெண்ணெய் இளகுகிறது என்று அர்த்தம். பலர் அப்போது மைதாவைத் தூவுவார்கள், ஓடு கெட்டியாகிவிடும். பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைப்பதே மருந்து.

ஓவன் முன்கூட்டியே 200 டிகிரி சூடேறியிருக்க வேண்டும். மந்தமான சூட்டில் மாவு இறுகுமுன் வெண்ணெய் ஒழுகித் தட்டில் தேங்கும். பட்டர் பேப்பர் விரித்து, உப்பாமல் இருக்க உலர்ந்த கொண்டைக்கடலையை நிரப்பிச் சுமார் இருபது நிமிடம். பிறகு அதை எடுத்துவிட்டு அடிப்பக்கம் உலர்ந்து பொன்னிறமாகும்வரை.

இதே வெயிலில் பேக்கரி பப்ஸ் மட்டும் எப்படி ஏடு ஏடாக வருகிறது? அங்கே பெரும்பாலும் வெண்ணெய் கிடையாது, பப்ஸுக்கென்றே வரும் மார்ஜரின். அது உடல் சூட்டுக்கும் மேலேதான் முழுதாக உருகும். மாஸ்டருக்கு அதனால் வேலை சுலபம். தின்பவருக்கோ அண்ணத்தில் மெழுகுப் பூச்சு, சூடான டீ உள்ளே போனால்தான் கரையும்.