பூட்டிய திரையை எழுப்பும் அனுமதி

இரவில் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கினால் எழுப்பிவிடும் செயலி ஒன்று அப்பாவின் பழைய போனில் இருந்தது. எச்சரிக்கை வந்தால் திரை முழுக்க விரிந்து அலறும். புது போனிலும் அதையே போட்டாயிற்று. ஆனால் ஒரு நாள் காலையில் பார்த்தால், இரவு வந்த எச்சரிக்கை மற்ற அறிவிப்புகளோடு சத்தமில்லாமல் கிடக்கிறது. செயலியும் போனும் நன்றாகத்தான் இருக்கின்றன. இல்லாமல் போனது ஒரு அனுமதி.

பூட்டிக் கிடக்கும் போனை எழுப்பி, தன் பக்கத்தை முழுத்திரையில் காட்டும் வசதியை ஆண்ட்ராய்டு ஆரம்பத்திலிருந்தே அழைப்புக்கும் அலாரத்துக்கும்தான் வைத்திருந்தது. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, பின்னணியில் இருக்கும் செயலி தானாகத் திரையில் குதிப்பதைத் தடுத்தது. திறந்திருந்த சில வழிகளில் இந்த முழுத்திரை அறிவிப்பும் ஒன்று. அதற்கான `USE_FULL_SCREEN_INTENT` அனுமதியைக் கேட்ட செயலிக்கெல்லாம், பயனரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே அது கிடைத்தது. விளம்பரக்காரர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. பூட்டிய திரைமேல் விளம்பரம் விரிக்கலாம். போலி உள்நுழைவுப் பக்கத்தைக் காட்டி கடவுச்சொல்லையும் பறிக்கலாம்.

அதனால் 2023இல் ஆண்ட்ராய்டு 14 கதவைச் சாத்தியது. அழைப்பும் அலாரமும் முதன்மை வேலையாக உள்ள செயலிகளுக்கு மட்டுமே அனுமதி தானாகக் கிடைக்கும் என்றானது. மற்றவை பயனரிடம் கேட்டுப் பெற வேண்டும். ஆனால் 14க்கு மாறும் முன்பே போனில் இருந்த செயலிகளிடமிருந்து அனுமதி பறிக்கப்படவில்லை. பழைய போனில் எழுப்பிய செயலி புதிய போனில் எழுப்பாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

இந்தக் கட்டுப்பாடு நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் செயலியை எழுதியவர் கவனிக்காவிட்டால் ஆபத்து உண்டு. அனுமதி இல்லையென்றாலும் அறிவிப்பு வரும். முழுத்திரைப் பக்கம் மட்டும் திறக்காது. அந்தப் பக்கம் திறந்த பிறகுதான் மணி அடிக்கும்படி எழுதியிருந்தால், மணியும் அடிக்காது. ஒலியை அறிவிப்போடே இணைக்க வேண்டும். `canUseFullScreenIntent()` மூலம் அனுமதி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் பயனரை அமைப்புப் பக்கத்துக்கே அழைத்துப் போக வேண்டும்.

வீட்டில் சோதிப்பவர்கள் பெரும்பாலும் போனைக் கையில் வைத்துக்கொண்டே பார்க்கிறார்கள். திரை பயன்பாட்டில் இருக்கும்போது, அனுமதி இருந்தாலும் மேலே ஒரு சிறு பட்டைதான் வரும். இரண்டு நிமிடம் கழித்து ஒரு சோதனை எச்சரிக்கை வரும்படி வைத்து, போனைப் பூட்டி மேசைமேல் வைத்துவிடுங்கள். திரை முழுக்க விரியவில்லையென்றால் Settings, Apps, Special app access என்று போங்கள். அங்கே முழுத்திரை அறிவிப்புகளுக்கான பட்டியல் இருக்கும்; அதன் பெயர் போனுக்குப் போன் சற்று மாறும். அதில் அந்தச் செயலியை மட்டும் அனுமதித்துவிட்டு, சோதனையை இன்னொரு முறை செய்து பாருங்கள்.