பியானோ தொடங்க, சாக்ஸபோன் முடிக்க

ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூஜெர்சியின் ஃப்ரீஹோல்ட் ஊர்க்காரர். அப்பா ஆலையிலும் பஸ் ஓட்டியும் பிழைத்தவர். அந்த வீட்டுக் கவலைதான் 1978-இல் வந்த ‘பேட்லேண்ட்ஸ்’ பாட்டுக்குள் இருக்கிறது: உழைத்துக் களைத்தாலும் தலைகுனிய மறுக்கும் ஒருவனின் குரல்.

டிரம்ஸ் அதிர்ந்ததுமே ராய் பிட்டனின் பியானோ, ஒரே சிறு மெட்டைத் திரும்பத் திரும்பத் தட்டும். சரணங்களில் அவன் தனியாளாகக் குமுறுகிறான்; பல்லவியில் குரல் மேலேறி, கேட்பவரையும் கூடவே பாட வைக்கிறது. எனக்குப் பிடித்த இடம் நடுவில்: கிட்டார் சுருக்கமாகக் கத்தி ஓய, கிளாரன்ஸ் கிளெமன்ஸின் சாக்ஸபோன் அதே வலியை அகன்ற மூச்சில் வாங்கிக்கொள்ளும். பிறகு சத்தம் தணிந்து, வெறும் முனகல். கச்சேரிகளில் அந்த முனகலை அரங்கமே பாடும்.

கிளெமன்ஸ் 2011-இல் மறைந்தார். இப்போது அந்த இடத்தில் வாசிப்பவர் அவருடைய அண்ணன்-தம்பி வழி மகன் ஜேக்.