ஆறு டீ கிளாஸும் ஒரு வாலிபால் அணியும்

மேசையில் ஆறு டீ கிளாஸ் இருக்கிறது. நெட் இருக்கும் பக்கம் மூன்று, அதற்குப் பின்னால் மூன்று என்று வைப்போம். நெட்டைப் பார்த்து நிற்கையில் வலது பின்மூலைதான் 1. சர்வீஸ் போடுபவரின் இடம் அது. அவருக்கு முன்னால் 2, முன்வரிசை நடுவில் 3, இடப்பக்கம் 4, அவருக்குப் பின்னால் 5, பின்வரிசை நடுவில் 6.

எதிரணி போட்ட சர்வீஸில் நாம் பாயிண்ட் எடுத்தால் சர்வீஸ் நமக்கு வருகிறது. அப்போது எல்லோரும் கடிகார முள் போகிற பக்கமாக ஓரிடம் நகர்கிறோம். 2இல் இருந்தவர் 1க்கு வந்து சர்வீஸ் போடுவார். 1இல் இருந்தவர் 6க்குப் போவார். நம் சர்வீஸிலேயே பாயிண்ட் வந்துகொண்டிருக்கும்வரை சுற்ற வேண்டாம். அதே ஆள்தான் போடுவார்.

புதிதாக ஆடவரும் எல்லோரும் தடுமாறுவது இதற்கு அடுத்த படியில்தான். ஆளுக்கொரு கட்டம் இருக்கிறது, ஆட்டம் முழுக்க அதைவிட்டு நகரக் கூடாது என்று நினைத்துக்கொள்கிறோம். கோர்ட்டில் அப்படி ஒரு கட்டமே கிடையாது. விதி கேட்பது, பக்கத்தில் இருப்பவரோடு நம் வரிசை மாறாமல் இருக்கிறதா என்பதை மட்டும். 2இல் இருப்பவரைவிட 1இல் இருப்பவர் நெட்டுக்கு அருகே போகக் கூடாது. 3க்கும் 6க்கும், 4க்கும் 5க்கும் இதே கணக்கு. ஒரே வரிசைக்குள் இடம், நடு, வலம் மாறக் கூடாது. மூலைவாட்டில் இருப்பவர்களுக்குள் எந்தக் கணக்கும் இல்லை. 4இல் இருப்பவர், 5க்கு முன்னால் நின்றால் போதும். 6ஐவிடப் பின்னால் நின்றாலும் தப்பில்லை.

இதுவும் ஒரே ஒரு நொடிக்குத்தான். சர்வீஸ் போடுபவர் கை பந்தில் படும்போது நம் பாதங்கள் எங்கே இருக்கின்றன என்று நடுவர் பார்ப்பார். பந்து கையைவிட்டுப் போனபின் யார் எங்கே வேண்டுமானாலும் ஓடலாம்.

நம் செட்டர் 1இல் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிரணி சர்வீஸ் போடப்போகிறது. பந்தைத் தூக்கிக்கொடுக்க வேண்டியவர் ஆயிற்றே என்று அவர் முன்கூட்டியே நெட்டருகே போய் நிற்கிறார். 2இல் இருப்பவர் பந்தை எடுக்கப் பின்னால் வருகிறார். விசில். 1, 2ஐவிட முன்னால் நிற்கிறது; பாயிண்டும் சர்வீஸும் எதிரணிக்கு. கிளாஸை நகர்த்திப் பாருங்கள், வழி தெரியும். 2ஐ நெட்டோடு ஒட்டி நிறுத்தி, அவர் முதுகுக்குப் பின்னால் செட்டரை நிறுத்துவோம். 6இல் இருப்பவர் செட்டரைத் தாண்டி வலப்பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். மற்ற நால்வரும் பந்தை எடுக்கட்டும். எதிராளி கை பந்தில் பட்டதும் செட்டர் வெளியே ஓடிவருவார். ஆனால் அவர் இன்னமும் பின்வரிசை ஆள்தான். நெட்டில் பிளாக் போட முடியாது.

2025இல் வந்த சர்வதேச விதிப்படி வரிசை மாறி நிற்கும் தப்பு, சர்வீஸை எதிர்கொள்ளும் அணிக்கு மட்டுமே. சர்வீஸ் போடும் அணியினர் விரும்பிய இடத்தில் நிற்கலாம். சர்வீஸ் முறை மட்டும் மாறக் கூடாது. பழைய விதியில் இரு அணிக்கும் இந்தக் கட்டுப்பாடு இருந்தது. எந்த விதிப்படி ஆட்டம் என்று தொடங்கும் முன்பே நடுவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.