மூன்று நகரங்களும் ஒரு சொல் அட்டைக் கட்டும்

மூன்றாம் வகுப்புக் குழந்தைகளின் நோட்டுகளில் 'மூண்று', 'பன்து', 'கண்று' போன்ற பிழைகள் அடிக்கடி தென்படும். இவை கவனக்குறைவால் வருபவை அல்ல. இன்றைய பேச்சில் ந, ன இரண்டும் பெரும்பாலும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. மூன்று என்பதை 'மூணு' என்றும் ஒன்று என்பதை 'ஒண்ணு' என்றும் வீட்டில் கேட்கும் குழந்தை, காதை நம்பி எழுதினால் இப்படித்தான் எழுதும். எட்டு வயதில் இந்தப் பிழையைத் திருத்தக் காது போதாது, கண் பழக வேண்டும்.

கண் பழகுவதற்கு வசதியான ஒழுங்கு ஒன்று தமிழில் இருக்கிறது. தகரத்துக்கு முன் ந், டகரத்துக்கு முன் ண், றகரத்துக்கு முன் ன் வரும். தந்நகரம், டண்ணகரம், றன்னகரம் என்று ஆசிரியர்கள் சொல்லிவரும் பெயர்களிலேயே இது அடங்கியிருக்கிறது. ஆனால் பெயரை ஒப்பிக்கும் குழந்தையும் 'பன்து' என்றே எழுதும். விதியைச் சொல்லிக் கொடுப்பதைவிட, சொற்களைப் பிரித்து வைக்கச் செய்து குழந்தையே அதைக் கண்டுபிடிக்க விடுவது நல்லது.

இதற்குப் பதினைந்து சொல் அட்டைகள் போதும். பந்து, வண்டி, கன்று ஆகிய மூன்றையும் தலைப்பு அட்டைகளாக மேசையில் வரிசையாக வைக்க வேண்டும். சந்தை, ஐந்து, குழந்தை, தந்தம், நண்டு, துண்டு, மண்டபம், தண்டு, பன்றி, தென்றல், நன்றி, மூன்று ஆகிய மற்ற அட்டைகளைக் கலைத்துக் கொடுக்கலாம். குழந்தை ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுப் படித்த பிறகே உரிய தலைப்பின் கீழ் வைக்க வேண்டும். எல்லாம் வைத்து முடிந்ததும் ஆசிரியர் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "இந்த வரிசையில் புள்ளி எழுத்துக்கு அடுத்து என்ன வருகிறது?" பதில் வரச் சற்று நேரமாகும். அதுவரை பொறுத்திருப்பதுதான் ஆசிரியரின் வேலை.

அட்டைகள் சரியாக அடுக்கப்பட்டதாலேயே குழந்தைக்குப் புரிந்துவிட்டது என்று கொள்ள முடியாது. சொல்லைப் படிக்காமல், 'ட' இருக்கிறதா என்று மட்டும் பார்த்து அடுக்குவது எளிது. அதனால் மறுநாள் அட்டைகளைக் காட்டாமல் அதே பயிற்சியைச் செய்ய வேண்டும். ஒரு குழந்தை சொல்லைப் படிக்க, இன்னொரு குழந்தை அது எந்த வரிசைக்குரியது என்று சொல்லி, நோட்டில் எழுத வேண்டும். தடுமாறும் இடங்கள் இங்கே உடனே வெளிப்படும்.

அடுத்தது கோடிட்ட இடங்களை நிரப்புவது. ஒரு பத்தியில் சொற்களை நீக்கி வாசகரை நிரப்பச் செய்யும் குளோஸ் முறையை 1953-இல் அமெரிக்கரான வில்சன் டெய்லர், உரைநடை எவ்வளவு எளிது என்பதை அளக்கும் கருவியாக அறிமுகப்படுத்தினார். எழுத்துப் பயிற்சிக்கு முழுச் சொல்லை நீக்காமல் ஓர் எழுத்தை மட்டும் நீக்கலாம்:

வெள்ளிக்கிழமை ஊரில் மாடு விற்கும் நாள். அப்பா ச__தையில் ஒரு க__று வாங்கினார். அதை வ__டியில் ஏற்றி வ__தார். மூ__று நாள் அது தாயைத் தேடிக் கத்தியது.

முதல் வாக்கியத்தில் கோடு இல்லை. எதைப் பற்றிய பேச்சு என்று குழந்தைக்குப் பிடிபட வேண்டும் என்பதற்காகவே அது முழுதாக விடப்பட்டிருக்கிறது. மற்ற வாக்கியங்களிலும் ஒன்றிரண்டு கோடுகளுக்கு மேல் போனால் வாசிப்பு அறுந்து, வெறும் புதிராகிவிடும்.

இந்தப் பத்தியை விதியை மட்டும் வைத்து நிரப்பிவிட முடியாது. 'வ__டி' வண்டியாகவும் இருக்கலாம், வட்டியாகவும் இருக்கலாம். 'க__று' கன்றாகவும் இருக்கலாம், கற்று என்றும் ஆகலாம். எது என்பதை வாக்கியம்தான் தீர்மானிக்கும். ஆகவே பிழையின் வகையே ஆசிரியருக்குச் செய்தி சொல்லும். 'வட்டியில் ஏற்றி' என்று எழுதிய குழந்தைக்கு எழுத்து ஒழுங்கு தெரிகிறது, ஆனால் வாக்கியத்தை அது படிக்கவில்லை. 'வன்டியில்' என்று எழுதிய குழந்தை பொருளைப் பிடித்துக்கொண்டது, ஒழுங்குதான் இன்னும் பதியவில்லை. முன்னதுக்கு வாக்கியத்தை உரக்கப் படிக்கச் செய்ய வேண்டும். பின்னதை அட்டைக் கட்டுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். இருவருக்கும் ஒரே சொல்லைப் பத்து முறை எழுதச் சொல்வதால் ஒரு பயனும் இல்லை.

இந்த ஒழுங்குக்கு எல்லையும் உண்டு. அன்பு, பண்பு என்ற சொற்களில் பகரத்துக்கு முன் ன், ண் இரண்டும் வருகின்றன. மனம், மணம் என்பவற்றில் அடுத்த எழுத்தும் ஒன்றேதான், அதனால் அது எந்தக் குறிப்பும் தராது. 'மற்றவை' என்று நான்காவது தலைப்பு அட்டை வைத்து இப்படிப்பட்ட சொற்களை அதன் கீழ்ச் சேர்க்கலாம். இவற்றை வாக்கியத்தில் வைத்தே பழக்க வேண்டும். 'மல்லிகையின் ம__ம் வீடெங்கும் பரவியது', 'பாட்டியின் ம__ம் குளிர்ந்தது' என்று இரண்டையும் அடுத்தடுத்துத் தந்தால், ஒரே கோட்டில் இரு வேறு எழுத்துகள் ஏன் வருகின்றன என்பதைக் குழந்தை பொருளைக் கொண்டே சொல்லிவிடும்.