பெய்யும்போதே ஒரு படம்: மழைப் புகைப்படப் போட்டி

மழை நாளில் எடுத்த படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் மழையே இருக்காது. குடை இருக்கும், நனைந்த சாலை இருக்கும், சேலை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடுகிற பெண் இருப்பார். துளி மட்டும் காணாமல் போயிருக்கும். கண்ணெதிரே கொட்டித் தீர்த்தது படத்தில் எங்கே போனது என்று எடுத்தவருக்கே குழப்பமாக இருக்கும். இந்த இதழ் இப்போது அறிவிக்கும் புகைப்படப் போட்டி அந்தக் காணாமல் போன துளியைத் தேடுகிறது. தலைப்பு ‘பெய்யும் மழை’. மழைக்குப் பிறகு தேங்கிய குளமோ, வரப்போகும் கருமேகமோ மட்டும் போதாது. படம் எடுத்த அந்த நொடியில் மழை பெய்துகொண்டிருக்க வேண்டும், பார்ப்பவருக்கு அது தெரியவும் வேண்டும்.

படங்கள் [தொடக்க நாள்] முதல் [கடைசி நாள்] வரையிலான காலத்தில் எடுக்கப்பட்டவையாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதியைத் தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் அதுதான் பெரிய மழைக்காலம். வால்பாறை, நீலகிரியின் மேற்குச் சரிவு போன்ற இடங்களுக்கோ தென்மேற்குப் பருவமழைதான் பெரிது. இரு பருவத்தாருக்கும் வாய்ப்புக் கிடைக்கும்படியே காலம் குறிக்கப்படும். எந்த நாட்டில் வசிக்கும் தமிழரும் கலந்துகொள்ளலாம். 18 வயதுக்கு உட்பட்டவர்கள் பெற்றோரின் ஒப்புதல் கடிதத்தோடு அனுப்ப வேண்டும். செல்பேசிப் படங்கள், கேமராப் படங்கள் என இரண்டு பிரிவுகள். ஒருவர் அதிகபட்சம் மூன்று படங்கள் அனுப்பலாம்.

துளி ஏன் மறைகிறது? ஒரு காரணம் வேகம். 2 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சாதாரண மழைத்துளி தரையை நெருங்கும்போது விநாடிக்குச் சுமார் ஆறரை மீட்டர் வேகத்தில் விழுகிறது. கேமராவின் ஷட்டர் 1/1000 விநாடி திறந்தால், அந்த நேரத்தில் துளி நகரும் தூரம் ஆறேழு மில்லிமீட்டர்தான். சில அடி தள்ளியிருந்து எடுத்தால் அது கண்ணில் படாத ஒரு புள்ளி. ஷட்டர் 1/60 விநாடி திறந்தால் அதே துளி சுமார் 11 சென்டிமீட்டர் இறங்கிவிடும். படத்தில் அது ஒரு கோடாக விழும், மழை மழையாகத் தெரியும். 1/15 விநாடிக்குப் போனால் கோடு 40 சென்டிமீட்டரைத் தாண்டும். ஆனால் அது நீள நீள வெளிறிக்கொண்டே போய்ப் பின்னணியில் கரைந்துவிடும், கை நடுக்கமும் சேர்ந்துகொள்ளும். ஆகவே 1/60க்கும் 1/125க்கும் இடையில் தொடங்கிப் பார்ப்பது நல்லது. தூறலின் சிறு துளிகள் இதைவிட மெதுவாக விழுபவை. அவற்றுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் தரலாம்.

இன்னொரு காரணம் வெளிச்சம் வரும் திசை. துளி கண்ணாடி போன்றது. பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வெளிச்சம் பட்டால்தான் மின்னும். வெளிறிய வானத்தைப் பின்னணியாக வைத்தால் எவ்வளவு பெரிய மழையும் அதில் மறைந்துபோகும். அடர்ந்த மரம், இருட்டான வாசல், கறுத்த மதில் என்று பின்னணி கருமையாக இருந்தால் கோடுகள் எழும்பி வரும். ஃப்ளாஷைப் போட்டால் லென்ஸுக்கு மிக அருகில் விழும் துளிகள் மட்டும் வெள்ளை வட்டங்களாக வெளிச்சம் வாங்கிக்கொள்ளும், தூரத்து மழை இருளிலேயே கிடக்கும். சிலர் அதை வேண்டுமென்றே செய்வதுண்டு. பெரும்பாலும் அது படத்தைக் கெடுத்துவிடுகிறது.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளலாம். நவம்பர் மாதம், மாலை ஆறரை மணி, ஒரு சிற்றூரின் பேருந்து நிறுத்தம். கூரைக்குள் நாலைந்து பேர் ஒண்டி நிற்கிறார்கள். எதிரே தெருவிளக்கு, தூரத்தில் டவுன் பஸ் வருகிறது. செல்பேசியைத் தானியங்கி முறையில் விட்டு எடுத்தால் அது பெரும்பாலும் ‘நைட் மோடு’க்குப் போய், பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கும். ஒவ்வொரு படத்திலும் துளி வேறு வேறு இடத்தில் இருப்பதால் சேர்க்கும்போது கோடுகள் மங்கிவிடும். நிறுத்தம் தெளிவாக வரும், மழை போய்விடும். இதைத் தவிர்க்க ‘ப்ரோ’ முறைக்கு மாறி, ஷட்டரை 1/60 என்றும் ஐஎஸ்ஓவை 400 முதல் 800 வரை எங்கேயாவதும் வைக்கலாம். ஃபோகஸைக் கையால் பேருந்தின் தூரத்துக்குப் பூட்டிவிட வேண்டும். இல்லையென்றால் அருகில் விழும் துளிகளைப் பார்த்து அது அலைந்துகொண்டே இருக்கும். பிறகு நிற்கும் இடத்தைச் சற்று நகர்த்தி, தெருவிளக்கு ஓர் ஆளின் தலைக்குப் பின்னால் மறையும்படி செய்தால், விளக்கொளியில் விழும் மழை முழுவதும் அவரைச் சுற்றி வெள்ளிக் கோடுகளாகத் தெரியும். பேருந்து நெருங்கி அதன் முகப்பு விளக்குகள் மழைக்குள் புகும் அந்த இரண்டு மூன்று விநாடிகள்தான் படத்துக்கான நேரம்.

பகலில் செல்பேசிக்கு ஒரு சிக்கல் உண்டு. பெரும்பாலான செல்பேசிகளில் லென்ஸின் திறப்பைச் சுருக்க முடியாது. மேகம் மூடிய நண்பகலில்கூட 1/60 விநாடி வைத்தால் படம் வெளுத்துப் போகும். எனவே செல்பேசிக்காரர்களுக்கு அதிகாலையும் அந்திப்பொழுதும் கைகொடுக்கும். கேமராக்காரர்களுக்கு வேறொரு தொல்லை. ஏசி அறையிலிருந்து நேரே வெளியே கொண்டுவந்தால் ஈரக் காற்று பட்டு லென்ஸில் புகைபோல நீர் படிந்துவிடும். துடைத்தாலும் மறுபடி வரும். பையை மூடியபடியே வெளியே வைத்திருந்து, கேமரா வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு திறப்பதே வழி.

விதிகளில் நடுவர் குழு நெடுநேரம் விவாதித்தது ஒன்றைப் பற்றித்தான்: அமைத்து எடுத்த படம் ஏற்கப்படுமா? இதற்குப் புகைப்பட வரலாற்றிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நியூசிலாந்தைச் சேர்ந்த பிரையன் பிரேக் 1960இல் இந்தியப் பருவமழையைத் தொடர்ந்து படமெடுத்தார். 1961இல் ‘லைஃப்’ இதழில் வந்த அந்தத் தொகுப்பில் உலகப் புகழ் பெற்றது, மழையை நோக்கி முகம் உயர்த்திய ஒரு சிறுமியின் படம். அந்தச் சிறுமி, பின்னாளில் வங்கத் திரையுலகில் நடிகையாகவும் இயக்குநராகவும் பெயர் பெற்ற அபர்ணா சென். அவர் முகத்தில் விழுந்தது வானத்து மழையல்ல, கொல்கத்தாவில் ஒரு மொட்டைமாடியில் பூவாளியால் ஊற்றிய தண்ணீர். படத்தின் அழகு அதனால் குறைந்துவிடவில்லை. ஆனால் ‘பெய்யும் மழை’ என்ற தலைப்புக்கு அது பொருந்தாது. இப்போட்டியில் குழாய், பூவாளி, தெளிப்பான் எதுவும் ஏற்கப்படாது. மழையில் நிற்கச் சொல்லி ஒருவரை எடுத்திருந்தால் ஏற்கலாம். ஆனால் அப்படிச் சொல்லி எடுத்தது என்று குறிப்பில் எழுத வேண்டும். மறைத்தது தெரிந்தால் படம் நீக்கப்படும், பரிசு அறிவித்த பிறகானாலும் சரி.

கணினியில் செய்யும் திருத்தங்களில் வெளிச்சம், நிறம், ஓரம் வெட்டுதல் மட்டும் அனுமதி. துளியைச் சேர்ப்பதும், மின்னலை ஒட்டுவதும், குறுக்கே நிற்கும் மின்கம்பத்தை அழிப்பதும் கூடாது. இறுதிச் சுற்றுக்கு வரும் படங்களுக்குக் கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பும், அதற்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படங்களும் கேட்கப்படும். அடுத்தடுத்த படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது இடையில் நுழைந்தது என்பது எளிதில் தெரியும்.

படத்தில் வரும் மனிதர்களைப் பற்றியும் ஒரு விதி உண்டு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாட்களில் வீட்டுக்குள் நீர் புகுந்து நிற்பவரின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுவதைப் போட்டி ஊக்குவிக்காது. 1983இல் ஸ்டீவ் மெக்கரி குஜராத்தின் போர்பந்தரில் எடுத்த படத்தில், கழுத்தளவு வெள்ளத்தில் ஒரு தையல்காரர் தம் தையல் மிஷினைத் தோளில் சுமந்து வருகிறார். பேரிடரின் நடுவில் ஒருவரை அவருடைய வேலையோடும் மிடுக்கோடும் காட்ட முடியும் என்பதற்கு அது சாட்சி. அடையாளம் தெரியும்படி எடுத்தவர்களிடம் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். குழந்தைகளாக இருந்தால் பெற்றோரின் ஒப்புதல் தேவை. வானிலை ஆய்வு மையம் சிவப்பு எச்சரிக்கை விடுத்த நேரத்தில் ஆற்றங்கரை, தரைப்பாலம், கடற்கரையில் நின்று எடுத்தவையும், இடி மின்னலின்போது திறந்தவெளியிலிருந்து எடுத்தவையும் மதிப்பெண்ணுக்கே எடுத்துக்கொள்ளப்படா.

நடுவர்களுக்குப் படமும் குறிப்பும் மட்டுமே தரப்படும், எடுத்தவரின் பெயர் தெரியாது. மொத்தம் 100 மதிப்பெண். மழை கண்ணுக்குத் தெரிகிறதா, தூறலா அடைமழையா சாரலா என்று இனம் காண முடிகிறதா என்பதற்கு 35. வெளிச்சத்தையும் சட்டத்துக்குள் உள்ளவற்றின் அமைப்பையும் கையாண்ட விதத்துக்கு 30. எந்த ஊர், எந்த வாழ்க்கை என்பது படத்தில் தெரிகிறதா என்பதற்கு 25. குறிப்புக்கு 10. குறிப்பு ஐம்பது சொற்களைத் தாண்டக் கூடாது. இடம், நாள், நேரம், எப்படி எடுத்தார் என்பது இருந்தால் போதும், கவிதை தேவையில்லை. சமநிலை வந்தால் முதல் பிரிவில் கூடுதல் மதிப்பெண் பெற்ற படமே முந்தும். விலை உயர்ந்த கருவிக்கு இதில் எங்கும் தனி மதிப்பெண் இல்லை.

அனுப்பும்போது பலர் தவறுவது ஒரே இடத்தில். வாட்ஸ்அப்பில் படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், எடுத்த நாள், நேரம் போன்ற உள்விவரங்களும் நீங்கிவிடும். அச்சில் ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். 1600 பிக்சலாகச் சுருங்கிய படத்தின் நீளமான பக்கம் ஐந்தேகால் அங்குலத்தோடு நின்றுவிடும், முழுப்பக்கத்துக்கு வராது. எனவே நீளமான பக்கம் குறைந்தது 3000 பிக்சல் உள்ள கோப்பை மின்னஞ்சலில் இணைப்பாகவே அனுப்ப வேண்டும்.

படத்தின் உரிமை எடுத்தவருக்கே. போட்டி முடிவை வெளியிடும் இதழிலும் அதையொட்டிய கண்காட்சியிலும் மட்டும் பெயரோடு பயன்படுத்தும் அனுமதியை அவர் தர வேண்டும். வேறு எதற்குப் பயன்படுத்தினாலும் தனியே கேட்டு, தனியே ஊதியம் தரப்படும்.

ஒவ்வொரு பிரிவிலும் முதல் பரிசு [தொகை], இரண்டாம் பரிசு [தொகை], மூன்றாம் பரிசு [தொகை]. படங்கள் [கடைசி நாள்] அன்று இரவு [நேரம்] மணிக்குள் [மின்னஞ்சல் முகவரி]க்கு வந்து சேர வேண்டும். அஞ்சலின் தலைப்பில் ‘பெய்யும் மழை’ என்பதையும் பிரிவையும் குறிப்பிட வேண்டும். மூலக் கோப்பு கேட்டு இறுதிச் சுற்றுக்காரர்களுக்கு [நாள்] அன்று கடிதம் போகும், பதில் தர ஏழு நாள் அவகாசம் உண்டு. முடிவுகள் [மாதம், ஆண்டு] இதழில் வெளியாகும்.