விட்டுப்போனவர் திரும்பி வந்தால்

வேலையை விட்டுப் போனவரை மீண்டும் சேர்க்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, அவர் போன காரணம் இன்னும் இருக்கிறதா என்பதுதான். திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருந்தவர் சம்பளத்துக்காகப் போயிருந்தால், சம்பளத்தை உயர்த்தினால் போதும். உற்பத்தி மேலாளரோடு ஒத்துப்போகாமல் போயிருந்தால், அதே மேலாளர் அங்கேயே இருக்கும்வரை பணம் சில மாதங்கள்தான் தாங்கும். ராஜினாமாக் கடிதத்தில் பெரும்பாலும் ‘சொந்தக் காரணம்’ என்றுதான் இருக்கும். உண்மை அப்போது பக்கத்து மேசையில் இருந்தவருக்குத் தெரியும்.

சிக்கல் அதிகம் வருவது உள்ளே இருப்பவர்களிடம். அவர் 30,000 ரூபாயில் போய் 45,000 கேட்டுத் திரும்புகிறார் என்று கொள்வோம். அவருடைய பையர்களையும் சேர்த்துச் சமாளித்தவர் 34,000 வாங்குகிறார். சம்பள விவரம் எப்படியும் வெளியே வரும். வந்தபின், வெளியே போய் வந்தால்தான் உயர்வு என்று மற்றவர்கள் கணக்குப் போடுவார்கள். ஆகவே வேலை உத்தரவு கொடுக்கும் முன்பே இருந்தவரின் சம்பளத்தைச் சரிசெய்துவிடுவது நல்லது. எந்த பையர் யாரிடம் என்பதையும் அப்போதே எழுத்தில் பிரித்துவிட வேண்டும்.

திரும்புபவருக்கும் ஒரு கணக்கு உண்டு. பி.எஃப்.பின் யு.ஏ.என். பழையதே தொடரும். பணிக்கொடைக்கான சேவைக்காலமோ பொதுவாகப் புதிதாகத்தான் தொடங்கும். இதை நேர்காணலிலேயே சொல்லிவிட வேண்டும்.