வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாவது ஏன்? விரிதாளில் ஓசையின்றி நேரும் பிழை

உதவித்தொகை, ஊதியம், நிவாரணம் என எதுவாயினும், இன்று பெரும்பாலும் ஒரு பட்டியலின் வழியாகவே வங்கிக் கணக்கைச் சென்றடைகிறது. பெயர், கணக்கு எண், கிளையின் ஐஎஃப்எஸ்சி குறியீடு, தொகை ஆகியவை அடங்கிய அந்தப் பட்டியல் எங்கேனும் ஓரிடத்தில் எக்செல் போன்ற விரிதாள் மென்பொருளில் திறக்கப்படுகிறது. அப்போது 16 இலக்கக் கணக்கு எண் ஒன்று 4.51238E+15 என்று மாறித் தோன்றினால், அது தோற்றத்தில் மட்டும் நிகழ்ந்த மாற்றம் அன்று. எண்ணின் கடைசி இலக்கம் அதற்குள் அழிந்துபோயிருக்கும். மென்பொருள் அதைப் பிழையாகக் காட்டுவதில்லை.

இது எவ்வாறு நிகழ்கிறது, எந்த எண்கள் பாதிக்கப்படுகின்றன, எப்படிக் கண்டறிவது என்பதை இங்கே காணலாம்.

எண் அன்று, பெயர்

கணக்கு எண்ணை நாம் கூட்டுவதும் இல்லை, பெருக்குவதும் இல்லை. அது இலக்கங்களால் எழுதப்பட்ட ஒரு பெயர். ஆனால் விரிதாளுக்கு அந்த வேறுபாடு தெரியாது. ஒரு கட்டத்தில் இலக்கங்கள் மட்டுமே இருந்தால், அதைக் கணக்கிடுவதற்குரிய அளவாகவே அது எடுத்துக்கொள்கிறது.

அளவு என்று கொண்டுவிட்டால் இரண்டு விதிகள் செயல்படத் தொடங்குகின்றன. முதலாவது தோற்றம் பற்றியது. எக்செல்லில் ஒரு கட்டத்தின் வடிவம் இயல்பான General என்ற நிலையில் இருக்கும்போது, 11 இலக்கங்களுக்கு மேற்பட்ட எண் அறிவியல் குறிமானத்தில் சுருக்கிக் காட்டப்படும். 4.51238E+15 என்பதன் பொருள், 4.51238 ஐ 10 இன் 15 ஆம் அடுக்கால் பெருக்க வேண்டும் என்பதே.

இரண்டாவது விதி சேமிப்பு பற்றியது. எக்செல் ஓர் எண்ணில் முதல் 15 இலக்கங்களை மட்டுமே வைத்துக்கொள்ளும். பதினாறாவது இலக்கம் முதல் எதுவாக இருந்தாலும் அந்த இடத்தில் பூஜ்யத்தை இட்டுவிடும்.

பதினைந்து என்ற வரம்பு எங்கிருந்து வந்தது? கணினிகள் தசம எண்களைச் சேமிக்க 1985 இல் வெளியான ஐஇஇஇ 754 என்ற தரத்தைப் பின்பற்றுகின்றன. இதன்படி ஓர் எண்ணுக்கு 64 பிட் இடம் ஒதுக்கப்படுகிறது. அதில் எண்ணின் இலக்கங்களுக்குக் கிடைப்பது 53 பிட். இந்த இடத்தில் 9007199254740992 வரையிலான முழு எண்கள் அனைத்தையும் பிசகின்றி வைக்கலாம். அதைத் தாண்டினால் சில எண்களுக்கு இடமிராது. எனவே 16 இலக்க எண்களில் ஒரு பகுதி சரியாக அடங்கும், மறுபகுதி அடங்காது. எல்லா எண்களுக்கும் உறுதியளிக்கக்கூடிய அளவு 15 இலக்கங்களே என்பதால் எக்செல் அங்கேயே வெட்டுகிறது.

இந்தியாவில் புழங்கும் அடையாள எண்களை இந்த வரம்போடு ஒப்பிட்டால் நிலைமை விளங்கும். பாரத ஸ்டேட் வங்கியின் கணக்கு எண் 11 இலக்கம். ஆதார் 12. ஆயுஷ்மான் பாரத் சுகாதாரக் கணக்கு எண் 14. இவை யாவும் வரம்புக்குள் அடங்குபவை. பஞ்சாப் நேஷனல் வங்கியின் கணக்கு எண்கள் பொதுவாக 16 இலக்கம் கொண்டவை. ஆதாரின் மெய்நிகர் அடையாள எண்ணும் அப்படியே. இவை வரம்பைத் தாண்டுபவை.

ஒரு பட்டியலின் பயணம்

எடுத்துக்காட்டாக, ஒரு கல்லூரி 500 மாணவர்களுக்கு உதவித்தொகை அனுப்புவதாகக் கொள்வோம். விண்ணப்பத் தளத்திலிருந்து சிஎஸ்வி கோப்பு பதிவிறக்கப்படுகிறது. சிஎஸ்வி என்பது காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட வெறும் எழுத்துக் கோப்பு. அதில் ஒரு மாணவியின் கணக்கு எண் 4512378906341287 என்று சரியாகவே உள்ளது. இது விளக்கத்துக்காகப் புனைந்த எண்.

அலுவலர் அந்தக் கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்கிறார். எந்த நிரல் எழுத்து, எந்த நிரல் எண் என்ற குறிப்பு சிஎஸ்வி கோப்பில் கிடையாது. எனவே எக்செல் தானே ஊகித்து, கணக்கு எண் நிரலை அளவாகக் கொள்கிறது. திரையில் 4.51238E+15 என்று தோன்றுகிறது. இதற்குள் கடைசி இலக்கமான 7 போய்விட்டது.

சுருக்கக் குறிமானத்தைக் கண்ட அலுவலர், நிரலைத் தேர்ந்து அதன் வடிவத்தை Number என மாற்றி, தசம இடங்களை நீக்குகிறார். இப்போது 4512378906341280 என்று 16 இலக்கங்கள் முழுமையாகத் தெரிகின்றன. பிழை சரியாகிவிட்டது என்று அவர் எண்ணுவது இயல்பே. உண்மையில் இழப்பு மறைந்துகொள்ளும் இடம் இதுதான். E+15 என்ற குறி இருந்தவரை ஐயமேனும் எழுந்திருக்கும். இப்போது அதுவும் இல்லை.

அவர் வடிவத்தை மாற்றாமல், தொகை நிரலில் மட்டும் ஒரு திருத்தம் செய்து கோப்பை மீண்டும் சிஎஸ்வியாகவே சேமித்திருந்தால் இழப்பு இன்னும் பெரிதாகியிருக்கும். சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது எக்செல், கட்டத்தில் காட்டப்படும் வடிவத்தையே கோப்பில் எழுதுகிறது. கோப்பில் 4.51238E+15 என்ற எழுத்துகளே பதிவாகும். அடுத்த முறை அதைத் திறந்து விரித்துப் பார்த்தால் கிடைப்பது 4512380000000000. முதல் முறை ஓர் இலக்கம்தான் போயிற்று. இப்போது மாறாமல் எஞ்சியிருப்பது முன்னால் உள்ள ஐந்து இலக்கங்களே.

இந்த இரண்டாவது இழப்பிலிருந்து 15 இலக்க வரம்புக்குள் அடங்கும் எண்களும் தப்புவதில்லை. 12 இலக்க ஆதார் எண் திறக்கும்போது E+11 எனத் தோன்றினாலும், உள்ளே முழுமையாகவே இருக்கும். அந்நிலையில் வடிவத்தை மாற்றினால் மீண்டுவிடும். ஆனால் அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்துவிட்டால், அதுவும் ஆறு பூஜ்யங்களில் முடியும் எண்ணாகிவிடும். ஆதாரின் கடைசி இலக்கம் முந்தைய இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம் என்பதால், அவ்வாறு சிதைந்த எண் சோதனையில் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். வங்கிக் கணக்கு எண்ணில் அத்தகைய காப்பு இருக்கும் என்று பொதுவாக நம்பியிருக்க முடியாது.

பணம் எங்கே செல்லும்?

4512378906341280 என்ற எண்ணில் கணக்கே இல்லையெனில், பாதிப்பு தாமதத்தோடு முடியும். நெஃப்ட் முறையில், வரவு வைக்க இயலாத தொகையை அந்தத் தொகுதி தீர்வான இரண்டு மணி நேரத்துக்குள் பெறும் வங்கி திருப்பி அனுப்ப வேண்டும்.

அந்த எண்ணில் வேறொருவரின் கணக்கு இருந்தால் நிலைமை வேறு. கணக்கு எண்கள் வரிசையாக வழங்கப்பட்டிருந்தால், பூஜ்யத்தில் முடியும் எண் அதே கிளையின் மற்றொரு வாடிக்கையாளருடையதாக இருக்கலாம். ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் எழுத்துகளும் கலந்திருப்பதால் அது சிதையாமல் சரியாகவே இருக்கும். எனவே கிளையும் பொருந்தும்.

பெயர் பொருந்தாதே என்று கேட்கலாம். மின்னணுப் பணப் பரிமாற்றங்களில் கணக்கு எண்ணை மட்டுமே அடிப்படையாகக் கொண்டு வரவு வைக்கலாம் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2010 அக்டோபரில் வெளியிட்ட சுற்றறிக்கை தெரிவித்தது. சரியான கணக்கு எண்ணைத் தருவது அனுப்புபவரின் பொறுப்பு என்பதே அதன் நிலைப்பாடு. அனுப்பும் முன் பயனாளியின் பெயரைச் சரிபார்க்கும் வசதியை ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் முறைகளில் 2025 ஏப்ரல் 1 க்குள் அளிக்குமாறு வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி பின்னர் உத்தரவிட்டது. அந்த வசதியும், காட்டப்படும் பெயரை ஒருவர் படித்து ஒப்பிட்டால்தான் பயன் தரும்.

கண்டறிவது எப்படி?

கணக்கு எண் நிரலில் அளவாகச் சேமிக்கப்பட்ட கட்டங்கள் எத்தனை என்பதை ஒரே சூத்திரத்தால் அறியலாம். எண்கள் B2 முதல் B501 வரை இருந்தால்:

```
=COUNT(B2:B501)
```

COUNT அளவுகளை மட்டுமே எண்ணும், எழுத்துகளை எண்ணாது. அடையாள எண்களின் நிரலில் விடை 0 ஆக இருக்க வேண்டும். 500 என்று வந்தால், முழு நிரலும் அளவாக மாறிவிட்டது என்று பொருள்.

முன்பே சிதைந்து, பின்னர் எழுத்தாக மாற்றப்பட்ட பட்டியலில் இந்தச் சோதனை எதையும் காட்டாது. அங்கே கடைசி இலக்கத்தைப் பார்க்க வேண்டும். கடைசி இலக்கங்கள் பரவலாக அமைந்த பட்டியலில், ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான் பூஜ்யத்தில் முடியும். 16 இலக்க எண்கள் அனைத்தும் பூஜ்யத்தில் முடிந்தால் ஐயத்துக்கு இடமில்லை. இரு மாணவர்களுக்கு ஒரே கணக்கு எண் இருப்பதும் மற்றோர் அறிகுறி. கடைசி இலக்கத்தில் மட்டும் வேறுபடும் எண்கள் வெட்டப்பட்டபின் ஒன்றாகிவிடும்.

ஆனால் இரட்டைப் பதிவுகளைத் தேட COUNTIF சூத்திரத்தைப் பயன்படுத்துவோர் கவனமாக இருக்க வேண்டும். எழுத்தாகச் சரியாகச் சேமித்த எண்களையும் அது ஒப்பிடும்போது அளவாக மாற்றிக்கொள்கிறது. எனவே முதல் 15 இலக்கங்கள் ஒன்றாக உள்ள இரு வேறு கணக்குகளை ஒன்றே என்று தவறாகக் கூறும். எழுத்துகளாகவே ஒப்பிட, பின்வரும் சூத்திரம் உதவும்:

```
=SUMPRODUCT(--(B$2:B$501=B2))
```

தடுப்பது எப்படி?

நேரடியாகத் தட்டச்சு செய்வதாயின், முதலில் நிரலின் வடிவத்தை Text என மாற்றிவிட்டுப் பின்னர் எண்களை உள்ளிட வேண்டும். வரிசை முக்கியம். உள்ளிட்டபின் Text ஆக மாற்றுவது இழந்த இலக்கத்தைத் திரும்பக் கொணராது. ஓரிரு எண்கள் மட்டுமெனில், எண்ணுக்கு முன் ஓர் ஒற்றை மேற்கோள்குறி இட்டாலே போதும்.

சிஎஸ்வி கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்கக் கூடாது. வெற்று விரிதாளைத் திறந்து, Data பட்டியில் From Text/CSV வழியாகக் கோப்பைத் தேர்ந்து, Data Type Detection என்ற இடத்தில் Do not detect data types என்பதைத் தேர்வு செய்தால், எல்லா நிரல்களும் எழுத்தாகவே வரும். தொகை நிரலை மட்டும் பின்னர் எண்ணாக மாற்றிக்கொள்ளலாம். திருத்திய பட்டியலை xlsx வடிவில் சேமித்தால், எழுத்து என்ற குறிப்பும் கோப்பிலேயே தங்கும். சிஎஸ்வியாகச் சேமித்தால் அந்தக் குறிப்பு உதிர்ந்துவிடும். அடுத்து அதைத் திறப்பவரிடம் அதே பிழை மீண்டும் தொடங்கும்.

இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2023 இல் எக்செல்லின் புதிய பதிப்புகளில் சேர்த்தது. File, Options, Data என்று சென்றால் Automatic Data Conversion என்ற பகுதியில் அது உள்ளது. நீண்ட எண்களின் முதல் 15 இலக்கங்களை மட்டும் வைத்துக்கொள்ளும் தெரிவை அங்கே நீக்கிவிடலாம். ஆயினும் இயல்பு நிலையில் அந்தத் தெரிவு இயங்கிக்கொண்டே இருக்கும். ஒருவர் தம் கணினியில் அதை நிறுத்தினாலும், அதே சிஎஸ்வி கோப்பை அடுத்துத் திறப்பவரின் கணினியில் அது இயங்கக்கூடும்.

இலக்கங்கள் ஏற்கெனவே போய்விட்டிருந்தால், அந்த விரிதாளில் தேடிப் பயனில்லை. 4512378906341280 என்ற எண்ணிலிருந்து, அது முன்பு 7 இல் முடிந்ததா 3 இல் முடிந்ததா என்று எந்தச் சூத்திரத்தாலும் கூற இயலாது. பதிவிறக்கிய மூலக் கோப்புக்கோ, விண்ணப்பத்துக்கோ, வங்கிப் புத்தகத்தின் நகலுக்கோதான் திரும்ப வேண்டும். எனவே பதிவிறக்கிய கோப்பைத் தொடாமல் ஒரு படி எடுத்துவைத்துவிட்டு, மற்றொரு படியில் வேலை செய்வதே பாதுகாப்பு.